முதல் நிரையும் கடைசி நிரையும்

ஒரு கணக்கைச் சரிபார்க்க வேண்டுமாயின் நம்மிற் பெரும்பாலோர் அதன் தொடக்கத்தையே பார்க்கின்றோம். முதல் நாலைந்து விடைகள் நாம் கையாற் போட்டுப் பார்த்த விடைகளுடன் ஒத்துவந்தால் எஞ்சியவையும் அவ்வாறே இருக்கும் என்று நம்பித் தாளை மூடிவிடுகின்றோம். முறை தெரிந்தவன் முதற் கணக்கைச் சரியாகச் செய்தால் அடுத்த கணக்கையும் அதே முறையிலேயே செய்வான் என்பதுதான் இந்த நம்பிக்கையின் அடிப்படை. கணனியின் விரிதாளில் இந்த அடிப்படை பொய்த்துப்போகும் இடம் ஒன்று உண்டு. அவ்விடத்தில் முதல் விடை எப்பொழுதும் சரியாகவே இருக்கும். இரண்டாவதும் மூன்றாவதும் பெரும்பாலும் சரியாக இருக்கும். கீழே போகப் போகத்தான் பிழை நேரும் வாய்ப்பு வளர்ந்துகொண்டு செல்லும். அப்பிழையின் இயல்பை ஓர் எடுத்துக்காட்டின் வாயிலாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விரிதாள் என்பது குறுக்கே செல்லும் நிரைகளாலும் கீழ்நோக்கிச் செல்லும் நிரல்களாலும் ஆன ஒரு பெரிய கட்டத்தாள். நிரல்களுக்கு A, B, C என எழுத்துக்களும், நிரைகளுக்கு 1, 2, 3 என எண்களும் பெயராகும். ஒவ்வொரு கட்டமும் ஒரு கலம் எனப்படும். B நிரலும் 2ஆம் நிரையும் சந்திக்கும் கலத்திற்கு B2 என்று பெயர். ஒரு மாணவனின் தமிழ்ப் புள்ளி B2இலும் கணிதப் புள்ளி C2இலும் இருந்தால், D2 என்னும் கலத்தில் `=B2+C2` என்று சூத்திரம் எழுதினாற் கூட்டுத்தொகை வந்துவிடும். அடுத்த மாணவனுக்கு மீண்டும் எழுதவேண்டியதில்லை. D2ஐப் பிரதிசெய்து கீழே இழுத்தால் D3இல் `=B3+C3` என்றும், D4இல் `=B4+C4` என்றும் சூத்திரம் தானே மாறிக்கொள்ளும். நானூறு மாணவரின் கூட்டுத்தொகையை ஓர் இழுப்பிற் பெற்றுவிடலாம்.

இவ்வாறு தானே மாறுவது எங்ஙனம்? திரையிலே நாம் B2 என்ற பெயரை எழுதுகின்றோம். ஆயின் விரிதாள் அதனை ஒரு பெயராகக் கொள்வதில்லை. "எனக்கு இடப்புறத்தில் இரண்டாவதாக உள்ள கலம்" என்ற திசையும் தூரமுமாகவே கொள்கின்றது. D2இல் இருந்து பார்க்கும்போது அந்தத் தூரம் B2இற் போய் முடிகின்றது. D3இல் இருந்து பார்க்கும்போது அதே தூரம் B3இற் போய் முடிகின்றது. ஆகவே பிரதிசெய்யும்போது சூத்திரம் மாறுகின்றது என்று நாம் சொல்வது கண்ணுக்குத் தோன்றுவதைக் கொண்டு சொல்வதேயாகும். உண்மையிற் சூத்திரம் ஓர் எழுத்தும் மாறாமல் அப்படியே இருக்கின்றது. அது நிற்கும் இடந்தான் மாறுகின்றது.

தமிழ் இலக்கணம் பயின்றோருக்கு இது புதிய செய்தியன்று. அ, இ, உ என்னும் சுட்டெழுத்துக்களை நாம் அறிவோம். 'இவ்வீடு' என்ற சொல் எந்த வீட்டைக் குறிக்கின்றது என்பது சொல்பவன் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. உகரச் சுட்டை வழக்கொழியவிடாமற் பேச்சிலே வைத்திருக்கும் யாழ்ப்பாணத்தவர் 'உது' என்று சொன்னால், அது எது என்பதை அறியச் சொல்பவனும் கேட்பவனும் எங்கெங்கே நிற்கின்றனர் என்று பார்க்கவேண்டும். மாறாக, ஒரு வீட்டின் தெருப் பெயரையும் இலக்கத்தையும் சொன்னால், எவர் எங்கே நின்று சொன்னாலும் அது அந்த ஒரு வீட்டையே குறிக்கும். முன்னையதைச் சார்புச் சுட்டு என்றும் பின்னையதைத் தனிச் சுட்டு என்றும் இக்கட்டுரையில் வழங்குவேன். விரிதாளில் நாம் சாதாரணமாக எழுதும் B2 என்பது, பார்ப்பதற்குத் தெரு இலக்கம் போலத் தோன்றினும், உண்மையில் 'இது, அது' என்னும் வகையைச் சேர்ந்த சார்புச் சுட்டேயாகும். தோற்றத்திற்கும் இயல்பிற்கும் உள்ள இந்த வேறுபாட்டிலேதான் பிழை பிறக்கின்றது.

இனி எடுத்துக்காட்டிற்கு வருவோம். சில ஆண்டுகளின் முன்னர் ஒரு கல்வி நிதியம், உயர்தர வகுப்பு மாணவர்க்கு ஒரு தகுதிகாண் பரீட்சையை நடத்தியது. நிதியத்தின் பெயரோ ஊரோ இங்கு வேண்டியதில்லை. 480 மாணவர் தோற்றினர். அவர்களுள் எவரும் பரிசு பெறலாம். ஆயினும் மாதாந்த உதவிப் பணம், குடும்ப வருமானம் குறைந்தவர்கள் எனத் தனியாக விண்ணப்பித்தோருக்கு மட்டுமே உரியது. அவ்வாறு விண்ணப்பித்தோர் 36 பேர். அவர்களுட் புள்ளி கூடிய பதின்மருக்கு மாதம் 6,500 ரூபா வீதம் வழங்குவது என்பது தீர்மானம்.

வேலையைச் செய்தவர் வங்கியில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர். ஊதியம் எதுவும் பெறாமல், ஊருக்குச் செய்யும் கடனாக நினைத்துச் செய்தவர். Sheet1 என்னும் தாளில் விண்ணப்பித்த 36 பேரையும் விண்ணப்பம் கிடைத்த ஒழுங்கில் 2ஆம் நிரை முதல் 37ஆம் நிரை வரை பதிந்தார். A நிரலிற் பரீட்சைச் சுட்டெண். B நிரலிற் பெயர். பரீட்சையை நடத்தியோரிடமிருந்து வந்த பெறுபேற்றுப் பட்டியலை Sheet2 என்னும் தாளில் வைத்தார். அதில் A நிரலிற் சுட்டெண்ணும் B நிரலிற் புள்ளியுமாக 480 பேரின் விபரம் 2ஆம் நிரை முதல் 481ஆம் நிரை வரை இருந்தது. இனிச் செய்யவேண்டியது ஒன்றே: ஒவ்வொரு விண்ணப்பதாரியின் சுட்டெண்ணையும் இரண்டாம் தாளிலே தேடி, அதற்கு நேரே உள்ள புள்ளியை எடுத்துவந்து முதலாம் தாளின் C நிரலில் இடவேண்டும். இத்தகைய தேடலுக்கென்றே VLOOKUP என்னும் சார்பு விரிதாளில் உண்டு. அவர் C2இல் எழுதிய சூத்திரம் இது:

```
=IFERROR(VLOOKUP(A2,Sheet2!A2:B481,2,FALSE),0)
```

இதன் பொருளைச் சொற்களிற் கூறுவதாயின்: A2இல் உள்ள சுட்டெண்ணை எடு. Sheet2இன் A2 முதல் B481 வரையான பரப்பின் முதல் நிரலிலே அதனைத் தேடு. கண்டால், அதே நிரையில் இரண்டாம் நிரலில் உள்ள எண்ணைத் தா. முற்றாகப் பொருந்தும் சுட்டெண் மட்டுமே வேண்டும் என்பதற்கு அடையாளமே FALSE. சுட்டெண் காணப்படாவிடின் விரிதாள் `#N/A` என்ற வழுக் குறியைக் காட்டும். அதனைக் காட்டாது 0 என்று இடு என்பதே வெளியே நிற்கும் IFERROR இன் பணி. விண்ணப்பித்த 36 பேருள் மூவர் பரீட்சைக்குத் தோற்றவில்லை என்பதை அவர் அறிந்திருந்தார். அம்மூவருக்கும் சுழியம் வரட்டும் என்பதற்காகவே IFERROR ஐச் சேர்த்திருந்தார்.

C2இற் சரியான புள்ளி வந்தது. பிரதிசெய்து 37ஆம் நிரை வரை இழுத்தார். முதல் ஐந்து பேரின் புள்ளிகளைப் பெறுபேற்றுப் பட்டியலுடன் கையால் ஒப்பிட்டார். ஐந்தும் சரி. பின்னர்ப் புள்ளியின்படி இறங்குவரிசையிற் பத்துப் பேரைத் தெரிந்து பெயர்களை ஒரு கடிதத்தில் எழுதினார். பத்தாமவரின் புள்ளி 61. கடிதங்கள் அனுப்பப்பட்டன.

ஒரு கிழமை கழித்து ஓர் ஆசிரியை என்னிடம் வந்தார். நான் புள்ளிவிபரவியல் கற்பிப்பவன் என்பதால் என்னை நாடியிருந்தார். தமது மாணவி ஒருத்தி பரீட்சைக்குத் தோற்றாதவர் என்று நிதியம் சொல்லிவிட்டது என்றார். "சேர், அவள் வராமல் விட்ட பிள்ளை இல்லை. நான்தான் கூட்டிக்கொண்டு போய் மண்டபத்துக்குள்ளை விட்டனான்" என்பது அவரது முறைப்பாடு. நான் நிதியத்திற்குச் சென்றேன். அப்பெரியவர் மறைக்க எதுவுமில்லாத மனிதர். கோப்பை உடனே திறந்து காட்டினார். "முதல் அஞ்சு பேரையும் நான் கையாலை பாத்தனான், தம்பி. ஒரு பிழையும் இல்லை" என்றார். அவர் சொன்னது முழு உண்மை. முதல் ஐவரின் கணக்கிற் பிழை இருக்கவில்லை.

அந்த மாணவியின் விண்ணப்பம் 14ஆம் நிரையில் இருந்தது. C14இன் மேல் வைத்துப் பார்த்தபோது தெரிந்த சூத்திரம் இது:

```
=IFERROR(VLOOKUP(A14,Sheet2!A14:B493,2,FALSE),0)
```

தேடவேண்டிய சுட்டெண் A2இலிருந்து A14க்கு நகர்ந்திருந்தது. அது வேண்டியதே, அந்த நிரைக்குரிய மாணவியைத்தான் தேடவேண்டும். ஆனால் தேடும் பரப்பும் அவளுடன் சேர்ந்து பன்னிரண்டு நிரைகள் கீழே நகர்ந்துவிட்டது. A2 முதல் B481 வரையெனத் தொடங்கிய பரப்பு, A14 முதல் B493 வரையென ஆகிவிட்டது. அடியிற் சேர்ந்தவை வெற்று நிரைகள், அவற்றால் தீங்கில்லை. மேலே விடுபட்டவையோ 2 முதல் 13 வரையான பன்னிரண்டு நிரைகள். அந்தப் பன்னிரண்டினுள் 9ஆம் நிரையிலே அவளுடைய சுட்டெண் இருந்தது. விரிதாள் 14ஆம் நிரையிலிருந்து தேடத் தொடங்கி, அடிவரை சென்று, காணவில்லை என்றது. IFERROR அதனைச் சுழியமாக மாற்றியது. சுழியத்தைக் கண்டவர் அவள் தோற்றவில்லை என்று எழுதினார்.

கடைசி நிரையில், அதாவது C37இல், பரப்பு A37 முதல் B516 வரை என நின்றது. பட்டியலின் முதல் 35 பேரும் அதன் பார்வைக்கு அப்பாற்பட்டுவிட்டனர். இதிலிருந்து பிழையின் விதியை நாமே எழுதிவிடலாம். விண்ணப்பத் தாளில் ஒருவர் இருக்கும் நிரை எண்ணைவிடப் பெறுபேற்றுத் தாளில் அவர் இருக்கும் நிரை எண் சிறிதாயின் அவர் காணாமற்போவார். சமமாகவோ பெரிதாகவோ இருந்தால் அவருக்குச் சரியான புள்ளி கிடைக்கும். 5ஆம் நிரையில் விண்ணப்பித்திருந்த மாணவனின் புள்ளி பெறுபேற்றுத் தாளின் 17ஆம் நிரையில் இருந்தது. ஆதலால் அவனுக்கு எதுவும் நேரவில்லை. பெரியவர் கையாற் சரிபார்த்த ஐவருள் அவனும் ஒருவன்.

இவ்விதியின்படி 36 பேரையும் பார்த்தபோது மூவர் காணாமற்போயிருந்தனர். 14ஆம் நிரையில் இருந்த மாணவி ஒருத்தி. 29ஆம் நிரையில் இருந்து, பெறுபேற்றுத் தாளின் 21ஆம் நிரையில் அமைந்த ஒருவன் மற்றவன். 36ஆம் நிரையில் இருந்து, பெறுபேற்றுத் தாளின் 33ஆம் நிரையில் அமைந்தவன் மூன்றாமவன். உண்மையாகவே தோற்றாத மூவரும் இவர்களுமாக C நிரலில் ஆறு சுழியங்கள் நின்றன. தோற்றாதவர் சிலர் உளர் என்று முன்னரே அறிந்த கண்ணுக்கு, சில சுழியங்கள் நிற்பது இயல்பாகவே தோன்றியது. எண்ணிப் பார்த்திருந்தால் மூன்றுக்கும் ஆறுக்கும் உள்ள வேறுபாடு அப்பொழுதே வெளிப்பட்டிருக்கும்.

இனி இந்நிகழ்ச்சியின் மிகக் கொடிய பகுதியைச் சொல்லவேண்டும். பெறுபேற்றுப் பட்டியல் எந்த ஒழுங்கில் இருந்தது? பரீட்சையை நடத்தியோர் அதனைப் புள்ளியின் இறங்குவரிசையில் அனுப்பியிருந்தனர். ஆகவே 2ஆம் நிரையில் இருந்தவர் முதலாம் இடம் பெற்றவர். 9ஆம் நிரையில் இருந்த மாணவி 480 பேருள் எட்டாம் இடத்தினள். அவளது புள்ளி 88. 21ஆம் நிரையில் இருந்தவன் இருபதாம் இடத்தினன், புள்ளி 83. 33ஆம் நிரையில் இருந்தவன் முப்பத்திரண்டாம் இடத்தினன், புள்ளி 79. மேலிருந்து கீழே நழுவும் பரப்பு முதலில் இழப்பது பட்டியலின் தலைப்பகுதியை. இப்பட்டியலின் தலைப்பகுதியிலே நின்றோர் மிகத் திறமை காட்டிய பிள்ளைகள். ஐம்பது புள்ளி பெற்ற ஒருவனை இப்பிழை எந்த நிலையிலும் தீண்டியிருக்காது. 61 புள்ளியுடன் ஒருவர் தெரிவுசெய்யப்பட, 88 புள்ளி பெற்றவள் தோற்றாதவள் எனக் கழிக்கப்பட்டமைக்குக் காரணம் இதுவே.

அதே பிழை வேறோர் ஒழுங்கில் வேறு விதமாகத் தோன்றியிருக்கும். பட்டியல் ஏறுவரிசையில் இருந்திருந்தால் மிகக் குறைந்த புள்ளி பெற்றோரே காணாமற்போயிருப்பர், 9 புள்ளியின் இடத்திற் சுழியம் வந்திருக்கும், தெரிவு மாறியிராது, பிழை இருந்ததையே எவரும் அறிந்திரார். பட்டியல் சுட்டெண் ஒழுங்கில் இருந்திருந்தால், முதற் சுட்டெண்களைப் பெற்ற ஒரு பாடசாலையின் பிள்ளைகளே பாதிக்கப்பட்டிருக்கக்கூடும். இரு தாள்களிலும் அதே மாணவர் அதே ஒழுங்கில் இருந்திருந்தால் ஒரு விடையும் பிழைத்திராது. ஆகவே ஒரு விரிதாள் இதுவரை சரியான விடைகளைத் தந்துவந்தது என்பது அதன் சூத்திரம் சரியானது என்பதற்குச் சான்றாகாது. தரவின் ஒழுங்கு இதுவரை அதனைக் காப்பாற்றி வந்திருக்கலாம்.

சூத்திரத்தைத் திருத்தும் வழி எளியது. சூத்திரத்தில் இருவகைப் பொருள்கள் உள்ளன. ஒன்று, அந்தந்த நிரைக்கு உரியது. இங்கே விண்ணப்பதாரியின் சுட்டெண். மற்றது எல்லா நிரைகளுக்கும் பொதுவானது; இங்கே பெறுபேற்றுப் பட்டியல். முன்னையது இடத்திற்கேற்ப நகரவேண்டும், பின்னையது நகரக்கூடாது. எது எத்தகையது என்பதை விரிதாளால் ஊகித்தறிய முடியாது. அதற்கு எல்லாம் கலங்களே. நாமே அடையாளமிட்டுச் சொல்லவேண்டும். அந்த அடையாளம் டொலர்க் குறி:

```
=VLOOKUP(A2,Sheet2!$A$2:$B$481,2,FALSE)
```

`$A$2` என்பதில் முதற் குறி நிரலையும் இரண்டாவது குறி நிரையையும் நிலைநிறுத்துகின்றது. கீழ்நோக்கி மட்டும் பிரதிசெய்வதாயின் `A$2:B$481` என நிரைக்கு மட்டும் குறியிட்டாலும் போதும். எக்செலிற் சூத்திரத்தை எழுதும்போது சுட்டின் மீது நின்று F4 விசையை அழுத்தினால் இக்குறிகள் தாமே வந்தமையும். ஆயின், குறியிடுவது நல்லதென்று எண்ணித் தேடப்படும் A2க்கும் டொலர்க் குறி இட்டுவிட்டால் இதற்கு நேர்மாறான பிழை நேரும். 36 பேருக்கும் முதலாமவரின் புள்ளியே வந்து நிற்கும். நல்லவேளையாக அந்தப் பிழை பார்த்த உடனேயே தெரிந்துவிடும்.

IFERROR ஐ நான் இங்கே நீக்கியிருப்பதை வாசகர் கவனித்திருப்பர். காணப்படவில்லை என்பது ஒரு செய்தி. சுழியம் பெற்றார் என்பது வேறொரு செய்தி. இரண்டையும் ஒரே எண்ணால் எழுதினால் எது எதுவென்று பின்னர் எவராலும் பிரித்தறிய முடியாது. `#N/A` என்ற குறி கண்ணுக்கு இனியதன்று. ஆயினும் ஆறு இடங்களில் அது நின்றிருக்குமாயின், தோற்றாதவர் மூவர் அல்லரோ என்று அப்பெரியவரே கேட்டிருப்பார். சூத்திரம் நழுவியது முதற் பிழை. அதன் விளைவை மூடிவைத்தது IFERROR. இரண்டும் சேர்ந்த இடத்திலேதான் மாணவி மறைந்துபோனாள்.

டொலர்க் குறிக்கும் எல்லை உண்டு. அது பிரதிசெய்யும்போது ஏற்படும் நகர்வை மட்டுமே தடுக்கும். பெறுபேற்றுத் தாளின் அடியிற் பின்னர் இருபது பேரின் புள்ளிகளை 482ஆம் நிரையிலிருந்து சேர்த்தால், `$B$481` உடன் முடியும் பரப்பு அவர்களைக் காணாது. பட்டியல் வளரும் என்று தெரிந்தால் `Sheet2!A:B` என முழு நிரல்களையே தேடும் பரப்பாகக் கொடுக்கலாம். முழு நிரலுக்குத் தொடக்க நிரையும் முடிவு நிரையும் இல்லையாதலால், கீழே இழுக்கும்போது அது நழுவுவதற்கும் இடமில்லை.

இத்தனை இடர் தரும் சார்புச் சுட்டை ஏன் இயல்பான முறையாக வைத்தனர் என்று கேட்கலாம். வரலாறு இதற்கு விடை தருகின்றது. 1979இல் டான் பிரிக்லினும் பொப் பிராங்ஸ்டனும் அப்பிள் II கணனிக்காக விசிகல்க் என்ற விரிதாளை வெளியிட்டனர். அதிற் சூத்திரத்தைப் பிரதிசெய்யும் கட்டளையை இட்டால், சூத்திரத்திலுள்ள ஒவ்வொரு சுட்டையும் காட்டி, இது மாறக்கூடாதா அல்லது இடத்திற்கேற்ப மாறவேண்டுமா என்று அது கேட்கும். முன்னையதற்கு N, பின்னையதற்கு R என்று விடை சொல்லவேண்டும். அலுப்புத் தரும் வேலைதான். ஆனால் கேள்வி கேட்கப்படாமல் எந்தச் சுட்டும் கீழே போகவில்லை. 1983இல் வெளிவந்த லோட்டஸ் 1-2-3 இல், அந்த விடையை முன்கூட்டியே டொலர்க் குறியாகச் சூத்திரத்துள் எழுதிவிடும் முறை வந்தது. எக்செலும் அம்முறையையே பின்பற்றுகின்றது. கேள்வி நின்றுபோய்விட்டது. டொலர்க் குறி இல்லையாயின், இடத்திற்கேற்ப மாறுக என்பதே நமது விடை என்று விரிதாள் கொள்கின்றது. பெரும்பாலான சூத்திரங்கள் நிரைக்கு நிரை கூட்டும் எளிய சூத்திரங்களாகையால் அவ்வாறு கொள்வதிலும் நியாயம் உண்டு.

1982இல் மைக்ரோசொவ்ற் வெளியிட்ட மல்டிபிளான் வேறொரு வழியை மேற்கொண்டது. அது தூரத்தைத் தூரமாகவே எழுதியது. அந்த எழுத்துமுறை இன்றும் எக்செலில் R1C1 என்ற பெயரில், விரும்பினால் தெரிவுசெய்துகொள்ளும் வசதியாக உள்ளது. அதனைத் தெரிவுசெய்து நிதியத்தின் கோப்பைப் பார்த்தால், C நிரலின் 36 கலங்களிலும் ஒரே சூத்திரம் தெரியும்:

```
=IFERROR(VLOOKUP(RC[-2],Sheet2!RC[-2]:R[479]C[-1],2,FALSE),0)
```

சதுர அடைப்புக்குள் உள்ள எண்கள் தூரங்கள். `RC[-2]` என்பது இதே நிரையில் இடப்புறம் இரண்டாவது கலம். `R[479]C[-1]` என்பது 479 நிரை கீழே, ஒரு நிரல் இடப்புறம். பட்டியல் எங்கே தொடங்குகின்றது என்பதைத் "தேடுபவன் நிற்கும் அதே நிரையில்" என்று சூத்திரம் சொல்வதை இங்கே வெளிப்படையாகக் காணலாம். அடைப்பு இல்லாத `R2C1` என்ற வடிவே தனிச் சுட்டு. இவ்வெழுத்துமுறையில் இரண்டையும் ஒருபோதும் மயங்க முடியாது. நாம் பழகிய A2 என்ற எழுத்துமுறையிலோ, ஒரு தூரம் தன்னை ஒரு முகவரிபோலக் காட்டிக்கொண்டு நிற்கின்றது.

இப்பிழையைக் கண்டறியும் வழிகளுள் இரண்டை மட்டும் சொல்வேன். முதலாவது, கடைசி நிரையின் சூத்திரத்தை வாசிப்பது. நழுவுதல் நிரைக்கு நிரை ஒவ்வொன்றாகக் கூடுவதால் முதல் நிரையில் அது சுழியம். கடைசி நிரையில் அது மிகப் பெரிது. C2ஐயும் C37ஐயும் அருகருகே எழுதிப் பார்த்தால், எது மாறியிருக்கின்றது, அது மாறவேண்டியதுதானா என்ற கேள்வி தானே எழும். 480 பேர் கொண்ட பட்டியல் 516ஆம் நிரையில் முடிவதாக ஒரு சூத்திரம் சொன்னால், அதற்குமேல் ஆராய வேண்டியதில்லை. இதற்கு அரை நிமிடம் போதும். முதல் ஐவரைக் கையாற் சரிபார்க்கச் செலவான நேரத்தில் ஒரு சிறு பங்கே அது.

இரண்டாவது, விண்ணப்பங்களின் ஒழுங்கை மாற்றிப் பார்ப்பது. ஒருவரின் புள்ளி, அவருடைய விண்ணப்பம் முதலில் வந்ததா கடைசியில் வந்ததா என்பதைப் பொறுத்ததன்று. ஆகவே C நிரலின் சூத்திரங்களை அசைக்காமல், விண்ணப்பத் தாளின் A, B நிரல்களை மட்டும் பெயரின் ஒழுங்கில் மீள அடுக்கியபின்னர் ஒருவரது புள்ளியேனும் மாறுமாயின், சூத்திரம் அவரைப் பாராமல் அவர் நிற்கும் இடத்தைப் பார்க்கின்றது என்பது உறுதியாகும். அந்தக் கோப்பில் இதனைச் செய்து பார்த்தோம். 14ஆம் நிரையிலிருந்த மாணவி 4ஆம் நிரைக்கு வந்தபோது அவளது 88 புள்ளியும் தானே வந்து சேர்ந்தது. அதேவேளை முன்னர் 6ஆம் நிரையில் நின்று சரியான புள்ளி பெற்றிருந்த வேறொருவன் கீழே சென்று சுழியமானான். அதனைக் கண்ட பின்னர் அப்பெரியவருக்கு எதனையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கடிதம் பெற்ற பதின்மருள் 64, 62, 61 புள்ளி பெற்ற மூவர் திருத்திய பட்டியலில் இடம்பெறவில்லை. அவர்களுக்குச் சொன்ன சொல்லை மீளப் பெறுவதற்கு நிதியத்தார் இசையவில்லை. விடுபட்ட மூவரை வெளியே விடவும் முடியாது. மாதம் ஒதுக்கிய 65,000 ரூபாவைப் பதின்மூவருக்குமாகப் பகிர்ந்தனர். ஒவ்வொருவருக்கும் 6,500 ரூபாவுக்குப் பதிலாக 5,000 ரூபா கிடைத்தது. எழுதப்படாத நான்கு டொலர்க் குறிகளின் விலை, எட்டாம் இடம் பெற்ற மாணவிக்கும் மற்ற ஒவ்வொருவருக்கும் மாதம் 1,500 ரூபா ஆயிற்று. இப்போது அந்நிதியத்தின் தெரிவுப் பட்டியலின் அடியில் ஒரு வரி இருக்கின்றது. கடைசி நிரையின் சூத்திரத்தை வாசித்தவர் தமது கையொப்பத்தை அந்த வரியில் இடவேண்டும்.